பத்தமடைப் பாயை ஒரு வரியில், ஒரு பத்தியில், ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி?

கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குப் பொருள் விவரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். கடையில் பத்தமடைப் பாய் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று மெல்லிய இழைப் பாய், அதைப் பட்டுப் பாய் என்பார்கள். இன்னொன்று வீட்டில் தினமும் விரிக்கிற தடித்த பாய். நான் பட்டுப் பாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் டேக்கில் போட ஒரு வரி வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருந்ததிலேயே அழகான சொற்களைக் கிள்ளிக் கொடுத்தேன்: "துணிபோல மடியும் பாய்."

கடைக்காரர் அந்த டேக்கை இரண்டு ரகத்திலும் கட்டிவிட்டார். தடித்த பாயை வாங்கிக்கொண்டு போன ஒருவர் அதை நாலாக மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து எடுத்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோரை முறிந்திருக்கிறது. பாயோடு டேக்கையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நான் தெளிவாக எழுதித்தான் இருந்தேன், மடிவது மெல்லிய ரகம் மட்டும், தடித்ததைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்று. ஆனால் அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஒரே பொருளின் கதையை மூன்று அளவில் எழுதும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வரி தனியாக ஊர் சுற்றும். பக்கம் அதன் கூடவே போகாது.

பக்கத்தைச் சுருக்கினால் பத்தி, பத்தியைச் சுருக்கினால் வரி என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். சாம்பாரில் தண்ணீர் விட்டால் ரசம் ஆகாது. மூன்றையும் படிப்பவர் ஒரே ஆளாகவே இருந்தாலும், படிக்கிற நேரத்தில் அவர் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு. வரியைப் படிப்பவர் அடுக்கைக் கடந்து போகிறவர், அல்லது வாட்ஸ்அப் கேட்டலாக்கை விரலால் தள்ளிக்கொண்டிருப்பவர். "இது என்ன, பக்கத்தில் இருப்பதைவிட இதில் என்ன வேறு?" என்பதுதான் அவர் கேள்வி. நின்று பாயைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியதும் கேள்வி மாறிவிடும். "நிஜந்தானா? நம் வீட்டுக்கு ஆகுமா?" இதற்குப் பத்தி. பிறகு விலையைப் பார்ப்பார். தெருவில் சைக்கிளில் கொண்டுவரும் பாய்க்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று தோன்றும். அல்லது கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பார், கொடுக்கும்போது நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குத்தான் முழுப் பக்கம்.

எழுத உட்காருமுன் ஒரு தாளில் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நெய்தவரிடமே கேட்பது நல்லது. பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை வைத்துத்தான் இந்தத் தொழில் அங்கே ஊன்றியது. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக நெய்துவருகின்றன. பச்சையாக அறுத்த கோரைத் தண்டைக் கீறிக் காயவைப்பார்கள். மெல்லிய பாய்க்கு என்றால் அதோடு விடுவதில்லை. காய்ந்ததை ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, உப்பிய பிறகு எடுத்து உலர்த்தி, மறுபடியும் மிக மெல்லிசாகக் கீறுவார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே போகும் ஊடு கோரை. இதெல்லாம் பொதுவான விவரம், எங்கேயும் கிடைக்கும்.

உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட பாயைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கோரை ஆற்றங்கரையில் அறுத்ததா, வெளியூரிலிருந்து கட்டாக வாங்கியதா? சிவப்பு எதனால் வந்தது? அந்தக் காலத்தில் சப்பங்கி மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்பு எடுப்பார்கள், இப்போது கடையில் வாங்கும் ரசாயனச் சாயம் பரவலாகிவிட்டது. கைத்தறியா, விசைத்தறியா? எத்தனை நாள் ஆனது? நீள அகலம் என்ன? பதில் கிடைக்காத கேள்விக்கு எதிரே கோடு போட்டுவிடுங்கள். கோடு போட்ட எதுவும் மூன்று அளவில் எதிலும் வரக் கூடாது. இன்ன ராணிக்குப் போன பாய், இன்ன மந்திரி வீட்டில் விரித்த பாய் என்கிற மாதிரிக் கதைகளும் காதில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஒழிய அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, நம் உதாரணத்துக்கு ஒரு பாயை எடுத்துக்கொள்வோம். 6 அடிக்கு 3 அடி, மெல்லிய ரகம், ஆற்றங்கரைக் கோரை, ரசாயனச் சாயம், கைத்தறியில் 20 நாள் நெய்தது.

நான் பக்கத்தை முதலில் எழுதுவேன். விவரம் எல்லாம் ஒரே இடத்தில் விரிந்து கிடந்தால்தான் எது கனமானது, எது வெறும் நிரப்பு என்று தெரியும். பக்கத்துக்கு முதுகெலும்பாக ஒரே ஒரு "ஏன்" போதும். இந்தப் பாய்க்கு, கோரைப் பாய் எப்படித் துணிபோல மடிகிறது என்பதே அந்தக் கேள்வி. ஊரின் வரலாற்றில் தொடங்கினால் பாய் வந்துசேர மூன்று பத்தி ஆகிவிடும்.

> கோரைப் பாயை மடித்தால் முறியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாய் முறிவதில்லை. காரணம் இதில் இருக்கும் கோரையின் பருமன்.
>
> சாதாரணப் பாய்க்குக் கோரைத் தண்டை இரண்டாக, மூன்றாகக் கீறி, காயவைத்து, அப்படியே நெய்துவிடுவார்கள். இதற்கு அப்படி இல்லை. தாமிரபரணிக் கரையில் பச்சையாக அறுத்த கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, உலர்த்தி, பிறகு ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நூல் பருமனுக்குக் கீறியிருக்கிறார்கள். கீறும்போது பிசகினால் அந்தத் தண்டு வீண்.
>
> பாவு பருத்தி நூல். நெருக்கமாகக் கட்டிய அந்தப் பாவின் குறுக்கே கோரை இழையை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து நெய்தது இந்தப் பாய். 6 அடிக்கு 3 அடியுள்ள இதை நெய்ய 20 நாள் ஆனது. தடித்த பாயை ஓரிரு நாளில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்த நாட்களின் கூலிதான்.
>
> சிவப்பும் பச்சையும் ரசாயனச் சாயம். சப்பங்கிக் கட்டையில் எடுத்த சிவப்பு வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும், நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.
>
> பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்யும் வழக்கம் உண்டு. மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். பெயர் நெய்யும் பாய்க்கு இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள்.
>
> ஊருக்குக் கொண்டுபோக மடிக்கலாம். வீட்டில் மாதக்கணக்கில் வைப்பதென்றால் சுருட்டி வைப்பதே நல்லது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், தண்ணீரில் முக்க வேண்டாம். மழைக்காலத்தில் அடிக்கடி விரித்துக் காற்றாட விடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இதில் எதை விட்டேன் என்று கவனித்திருக்கலாம். சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் பத்தமடை. உண்மையான தகவல், ஊர்க்காரர்களுக்குப் பெருமையும்கூட. ஆனால் பாய் ஏன் மடிகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நடுவிலேயே விட்டுவிடுவார். நெசவாளர்கள் "நூறு கவுண்ட், நூற்றிருபது கவுண்ட்" என்று பாயின் நுணுக்கத்தைச் சொல்வார்கள். அதையும் போடவில்லை. எண் ஏற ஏறப் பாய் மெல்லிசு என்பது நெய்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்கு அது வெறும் எண். "மடியும்" என்ற சொல் அந்த எண்ணுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது வரி. பக்கத்தில் அழகான வாக்கியத்தைத் தேடாதீர்கள், நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். படித்து முடித்த ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொருவரிடம் எதைச் சொல்வார் என்று யோசியுங்கள். "கோரைப் பாய்தான், ஆனால் துணி மாதிரி மடியுது" என்பார். அதுதான் வரி. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் போதும்:

> துணிபோல மடியும் கோரைப் பாய், பத்தமடைத் தறியில் கையால் நெய்தது.

இதற்கு முன்னால் இன்னொன்று எழுதிப் பார்த்தேன்: "பாரம்பரியம் மணக்கும் கைவினை அற்புதம்." இப்படி ஒரு வரி கையில் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பவானி ஜமுக்காளத்தை வையுங்கள். வரி அப்படியே பொருந்துகிறதா? பொருந்துகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக்கூட ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் அந்த வரியில் பாய் இல்லை. "துணிபோல மடியும்" என்பதை ஜமுக்காளத்துக்குச் சொன்னால் சிரிப்பு வரும், அது துணியேதான்.

"புவிசார் குறியீடு பெற்றது" என்று வரியில் போடலாமே என்று பலர் கேட்பார்கள். பத்தமடைப் பாய்க்கு அந்தக் குறியீடு இருக்கிறது. ஆனால் பாய் எப்படிப்பட்டது என்பதை அது சொல்வதில்லை, அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதைத்தான் சொல்கிறது. அதோடு 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறியீட்டைப் போட்டு விற்க அதிகாரம் பெற்ற பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதால் எந்தக் கடையும் ஒட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் நெசவாளர் பதிவு செய்தவர் என்றால் பக்கத்தின் கடைசியில் பதிவு விவரத்தோடு ஒரு வாக்கியம் எழுதலாம்.

வரியின் நீளத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. நாம் எண்ணுகிற எழுத்தும் இயந்திரம் எண்ணுகிற குறியும் ஒன்றல்ல. "கோ" நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு. மேலே உள்ள வரியில் நம் கணக்குக்கு 30 எழுத்து, இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து இயந்திரக் கணக்குக்கு 62. ஒரே செய்தியில் போய்விடும். "திருநெல்வேலி மாவட்டம்" என்று கூடுதலாகச் சேர்த்திருந்தால் இரண்டு செய்தியாக உடைந்து கட்டணமும் இரட்டிப்பாகியிருக்கும்.

பத்தியைக் கடைசியில் எழுதுவேன், இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான். வரிக்கு இடம் இல்லை என்ற சாக்கு உண்டு, பக்கத்துக்கு இடம் தாராளம். பத்தி இரண்டுங்கெட்டான். பலர் பக்கத்தின் ஒவ்வொரு பத்தியிலிருந்தும் ஒரு வாக்கியம் பிடுங்கி வரிசையாக அடுக்குவார்கள். அப்படிச் செய்தால் இப்படி வரும்: "தாமிரபரணிக் கோரையால் நெய்தது. 20 நாள் ஆகும். ரசாயனச் சாயம். கல்யாணப் பாயும் உண்டு." ஒவ்வொன்றும் உண்மை, ஒன்றுக்கொன்று உறவு இல்லை. ஜவுளிக்கடைப் பில் மாதிரி இருக்கிறது.

பத்தியைப் பக்கத்திலிருந்து சுருக்காமல் வரியிலிருந்து வளர்க்க வேண்டும். வரியைப் படித்தவருக்கு உடனே எழும் முதல் சந்தேகம் எது? "கோரை எப்படி மடியும்?" அதற்குப் பதில் முதல் வாக்கியம். அந்தப் பதிலைக் கேட்டதும் எழுவது "அவ்வளவு மெல்லிசாக இருந்தால் கிழிந்துவிடாதா, எப்படி வைத்துக்கொள்வது?" அதற்குப் பதில் அடுத்தது. பிறகு அளவு. வாங்கிய பிறகு தெரிந்தால் வருத்தம் தரக்கூடியது ஏதாவது இருந்தால் அதுவும் இங்கேயே வர வேண்டும், பக்கம் வரை தள்ளிப்போடக் கூடாது.

> கோரையை ஊறவைத்து நூல் பருமனுக்குக் கீறி, பருத்தி நூல் பாவில் கையால் நெய்திருப்பதால் இந்தப் பாய் முறியாமல் மடிகிறது. பயணத்துக்கு மடித்து எடுத்துப் போகலாம், வீட்டில் சுருட்டி வையுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கினால் கெட்டுவிடும். 6 அடிக்கு 3 அடி, ஒருவர் படுக்கலாம். நிறம் ரசாயனச் சாயம். மணமக்கள் பெயர் நெய்து வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள்.

தாமிரபரணி இதில் இல்லை. எனக்கும் அந்தப் பெயரை விட மனசில்லைதான். ஆனால் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரின் சந்தேகம் எதற்கும் ஆறு பதில் சொல்லவில்லை, அதனால் பக்கத்தோடு நிற்கட்டும்.

சாய விஷயத்துக்குச் சட்டமும் ஒன்று இருக்கிறது. வரியில் "இயற்கைப் பாய்" என்று போட்டுவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் "சாயம் மட்டும் ரசாயனம்" என்று எழுதினால் கணக்குச் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு விதிகள் இதை நேராகச் சொல்கின்றன. பொறுப்புத்துறப்புக் குறிப்பு ஒரு கூற்றை விளக்கலாம், விரிக்கலாம். தவறாக வழிநடத்தும் கூற்றைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, முக்கியமான தகவலை மறைக்கவும் கூடாது. நம் பேச்சில் சொன்னால், வரியில் செய்த தப்பைப் பக்கத்தில் கழுவ முடியாது.

மூன்றும் முடிந்ததும் நான் செய்வது ஒரு சரிபார்ப்பு. வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, பக்கத்தில் அதற்கு ஆதாரம் எந்த வாக்கியம் என்று விரல் வைக்கிறேன். "துணிபோல மடியும்" என்பதற்குக் கோரை கீறும் பத்தி. "கையால் நெய்தது" என்பதற்குத் தறிப் பத்தி. "பத்தமடை" என்பதற்குக் கல்யாணப் பாய் பத்தியில் ஊர்ப் பெயர் வருகிறது, ஆனால் இந்தப் பாய் அங்கேதான் நெய்தது என்று எங்கேயும் சொல்லவில்லை. இப்படி ஓர் ஓட்டை ஒவ்வொரு முறையும் கிடைக்கும். அந்த இடத்தில் "பத்தமடையில் நெய்தது இந்தப் பாய்" என்று திருத்திக்கொண்டேன். அப்புறம் எதிர்த்திசையில் ஒரு முறை. பக்கத்தில் "ஆனால்", "மட்டும்", "வேண்டாம்" என்று வரும் இடங்களையெல்லாம் பார்த்து, அவற்றில் எதையாவது வரி மீறுகிறதா என்று கேட்கிறேன். பாய் முறிந்து வந்த அந்த நாளில் இதைச் செய்திருந்தால் "மெல்லிய ரகம் மட்டும்" என்ற இடத்தில் நின்றிருப்பேன்.

பொருள் மாறும்போதும் இதே வழிதான். நெசவாளர் ஒரு பாயை விசைத்தறியில் போட்டுக் கொடுத்தால், பக்கத்தில் தறிப் பத்தி மாறும், பத்தியில் "கையால்" போய்விடும், வரியிலும் போய்விடும். கடைகளில் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, அச்சடித்த டேக் தீரட்டும் என்று விட்டுவிடுவார்கள். டேக் தீர ஒரு வருஷம் ஆகும்.

அந்தக் கடையில் தடித்த பாய்க்குத் தனி டேக் அடித்தோம். பட்டுப் பாயின் வரியை மாற்றி எழுதியதில்லை அது, அந்தப் பாயை வாங்குகிறவர் என்ன கேட்பார் என்பதிலிருந்து புதிதாக எழுதியது:

> தினமும் தரையில் விரிக்க, பத்தமடைக் கோரைப் பாய். மடிக்காமல் சுருட்டி வைக்கவும்.